மருத்துவக் கட்டுரையின் தலைப்பும் அதன் வாக்குறுதியும்

1980 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10 ஆந் திகதி வெளிவந்த நியூ இங்கிலண்ட் மருத்துவ சஞ்சிகையின் கடிதப் பகுதியில், ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் அச்சாயிற்று. அதனை எழுதியோர் ஜேன் போட்டர், ஹேர்ஷல் ஜிக் என்னும் இருவர். வைத்தியசாலை நோயாளருக்குக் கொடுக்கப்படும் மருந்துகளையும் அவற்றால் நேரும் தீங்குகளையும் பதிந்து வந்த ஆய்வுத் திட்டமொன்றைச் சேர்ந்தவர்கள். கடிதத்தின் தலைப்பை நம் மொழியில் இவ்வாறு சொல்லலாம்: ‘அபின்வகை மருந்து பெற்ற நோயாளரில் அடிமைநிலை அரிது.’

கடிதத்தின் உள்ளே இருந்தது இதுதான். வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 39,946 நோயாளரின் கோப்புகள் பார்க்கப்பட்டன. அவர்களுள் 11,882 பேர் அபின்வகை மருந்து ஒன்றையேனும் பெற்றவர்கள். முன்னர் அடிமைப்பட்ட வரலாறு இல்லாதவர்களுள், ஓரளவு நன்கு பதிவாகிய அடிமைநிலை நான்கு பேரிடமே காணப்பட்டது. அந்நால்வருள்ளும் ஒருவரிடம் மட்டுமே அது பாரதூரமாக இருந்தது. அடுத்த வாக்கியம் சம்பந்தப்பட்ட மருந்துகளின் பெயரைச் சொல்லிற்று. கடைசி வாக்கியம் முடிபு. வைத்தியசாலைகளில் இம்மருந்துகள் பரவலாக வழங்கப்பட்டபோதிலும், அடிமைப்பட்ட முன்வரலாறு இல்லாத மருத்துவ நோயாளரிடையே அந்நிலை தோன்றுதல் அரிது என்பது அம்முடிபு.

இம்முடிபைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அதில் மூன்று வேலிகள் இடப்பட்டுள்ளன. வைத்தியசாலை என்பது ஒன்று. மருத்துவ நோயாளர் என்பது இன்னொன்று. முன்வரலாறு இல்லாதவர் என்பது மூன்றாவது. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதன் எல்லையையும் மறைக்கவில்லை. ஆனால் தலைப்பில் அந்த மூன்று வேலிகளுள் ஒன்றேனும் இல்லை. எஞ்சியது ‘நோயாளர்’ என்ற திறந்தவெளியும், ‘அரிது’ என்ற தீர்ப்புமே. இன்னொன்றும் உண்டு. கடிதத்தின் கணக்கில், ஒரேயொரு ஊசியோடு நின்றுவிட்டவரும் அடங்குவர். தலைப்பிலுள்ள ‘மருந்து பெற்ற’ என்ற தொடரைப் படிப்பவனோ மாதக்கணக்காக மாத்திரை உண்ணும் முதுகுநோவுக்காரனையே மனத்திற் காண்பான். வீடு சென்ற பின்னர் அந்நோயாளர் என்ன ஆயினர் என்பது பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

பின்னர் நிகழ்ந்தது யாவரும் அறியவேண்டியது. 2017 ஆம் ஆண்டில் கனடிய ஆய்வாளர் சிலர், அக்கடிதத்தை மேற்கோளாகக் காட்டிய எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் படித்தனர். அவற்றின் தொகை 608. அதே காலத்தில் அதே சஞ்சிகையில் வெளியான ஏனைய கடிதங்கள் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு தடவைகளே எடுத்தாளப்பட்டிருந்தன. 608இல் 439 எழுத்துக்கள், அபின்வகை மருந்தினால் அடிமைநிலை தோன்றுதல் அரிது என்பதற்குச் சான்றாகவே அக்கடிதத்தைக் காட்டின. 491 எழுத்துக்கள், அந்நோயாளர் வைத்தியசாலையில் இருந்தவர்கள் என்பதைக் குறிப்பிடவேயில்லை. அதாவது ஐந்தில் நான்கு பங்கினர் தலைப்பு எதை விட்டதோ அதையே தாமும் விட்டனர்.

1996இல் ஒக்சிகொன்ரின் என்னும் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. புற்றுநோயல்லாத நாட்பட்ட நோவுக்கும் அபின்வகை மருந்தைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்ற எண்ணம் வைத்தியரிடையே பரப்பப்பட்ட காலம் அது. அடிமைப்படுத்தும் அபாயம் அம்மாத்திரைக்குக் குறைவென்று பிழையாக எடுத்துரைத்துச் சந்தைப்படுத்திய குற்றத்தை, உற்பத்தியாளரோடு இணைந்த நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 1999 முதல் 2021 வரை அபின்வகை மருந்துகளின் மிகைநுகர்வால் அந்நாட்டில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 645,000. இதில் வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்தும் அடங்கும். தெருவில் விற்ற நஞ்சும் அடங்கும். இத்தனை சாவுக்கும் ஐந்து வாக்கியக் கடிதமொன்று காரணம் என்று கூறுவது பேதைமை. இலாபவேட்கையும் சட்டத்தின் தளர்ச்சியுமே முன்னின்றன. ஆயினும் அந்த வேட்கைக்குக் கையில் ஏந்த ஒரு வாசகம் தேவைப்பட்டது. அந்த வாசகம், மதிப்புமிக்க சஞ்சிகை ஒன்றின் பெயரோடு, ஆயத்தமாகக் கிடந்தது.

இங்கேதான் நம்முடைய வினா எழுகின்றது. உள்ளே உண்மை முழுவதையும் எழுதிவிட்டவன், தலைப்பை மாத்திரம் படிப்பவனுக்கும் பொறுப்பாளியா? ‘முழுவதையும் படியாதவன் குற்றம் அவனுடையதே’ என்பது இலகுவான விடை. நாமும் ஆசிரியர் என்ற முறையில் மாணவரை நோக்கி அவ்வாறு சொல்லுவதுண்டு. ஆனால் அதே வகுப்பறை நமக்கு வேறொன்றையும் காட்டியிருக்கிறது. ஒரு பந்தியை மூன்றிலொரு பங்காகச் சுருக்கி எழுதுக என்று கொடுத்தால், மாணவர் முதலில் வெட்டுவது எதனை? ‘மாரி பொய்க்காதிருப்பின்’, ‘பெரும்பாலும்’, ‘இவ்வூரில்’ ஆகிய சொற்களையே. எழுவாயும் பயனிலையும் தப்பிவிடும்; நிபந்தனை எச்சம் இறந்துபடும். ‘மாரி பொய்க்காதிருப்பின் இவ்வூரில் விளைச்சல் பெரும்பாலும் நன்றாகும்’ என்பது ‘விளைச்சல் நன்றாகும்’ என்றாகிவிடும். சுருக்கத்தின் இயல்பு அது. இயல்பு அவ்வாறிருக்குமென்று முன்னரே தெரிந்தவனுக்கு, தெரியாதவனைக் காட்டிலும் கடமை அதிகம்.

தலைப்பு தனித்துப் பயணஞ்செய்யும் என்பது மருத்துவ எழுத்தாளன் அறியாத செய்தியன்று. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் என்ற தேடற்பட்டியலில் உலகின் மருத்துவக் கட்டுரைகள் கோடிக்கணக்கிற் பதியப்பட்டுள்ளன. தேடுபவன் இரண்டு மூன்று சொற்களைத் தட்டச்சுச் செய்கிறான்; தலைப்புக்கள் வரிசையாக வந்து நிற்கின்றன; ஒன்றைத் தொட்டால் பொழிப்பு விரிகின்றது. கட்டுரை முழுவதும் பல வேளைகளிற் பணம் கட்டினாலன்றித் திறவாது. வசதியற்ற நாட்டு வைத்தியனுக்குத் தலைப்பும் பொழிப்புமே கட்டுரை. மேலும், கடிதங்களுக்குப் பொழிப்பு எழுதும் வழக்கமில்லை. ஆகவே நாம் பேசும் கடிதத்துக்குப் பட்டியலில் இருந்தது தலைப்பு ஒன்றே. அச்சஞ்சிகை தன் பழைய இதழ்களையெல்லாம் கணினியிற் படிக்கத்தக்கதாக்கியது 2010இலேதான். அதுவரை முப்பது ஆண்டுகள், ஐந்து வாக்கியங்களைப் படிக்க விரும்பியவன் நூலகத்தின் தட்டுக்களைத் தேடிப் போகவேண்டியிருந்தது. எத்தனை பேர் போனார்கள் என்பதை 491 என்ற எண் சொல்லுகிறது.

இதற்குப் பத்திராதிபர் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு எழும். அடக்கமாகத் தலைப்பிட்டால் கட்டுரை எவர் கண்ணிலும் படாமற் போய்விடும். எவரும் காணாத உண்மையால் நோயாளிக்கு என்ன பயன் என்பார்கள். இந்த மறுப்பை நாம் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. நம் தமிழ்ச் சஞ்சிகைகளிலேயே ‘சில குறிப்புகள்’, ‘ஒரு நோக்கு’ என்ற தலைப்புகளின் கீழ் எத்தனை நல்ல ஆராய்ச்சிகள் உயிரோடு புதைக்கப்பட்டுள்ளன! எதைப் பற்றிய குறிப்பு என்பது உள்ளே போனாற்றான் தெரியும். உள்ளே போவதற்கோ தலைப்பு வழிகாட்டவில்லை. இது பணிவன்று, தேடி வருபவனுக்குச் செய்யும் அவமரியாதை.

ஆனால், கண்டுபிடிக்கப்படுதலும் மிகைபடக் கூறாமையும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்ற எண்ணமே பெரும்பாலும் பிழையானது. மொழி படித்தவர்கள் என்ற முறையில் நாம் இதில் ஒரு வார்த்தை சொல்லலாம். மனிதன் தேடுவது பெயர்ச்சொற்களைக் கொண்டு. நோயின் பெயர், மருந்தின் பெயர், நோயாளர் யார், எங்கே, எவ்வகை ஆய்வு ஆகியவையே தேடற்பெட்டியில் இடப்படுபவை. வாக்குறுதி கொடுப்பதோ பயனிலை. ‘குறைக்கிறது’, ‘தடுக்கிறது’, ‘காக்கிறது’, ‘அரிது’ என்பனவே அளவுக்கு மிஞ்சிப் பேசுபவை. கண்டுபிடிப்பதற்கு வேண்டிய சொற்கள் ஒருபுறத்திலும், ஏமாற்றக்கூடிய சொற்கள் மறுபுறத்திலும் நிற்கின்றன. ஒன்றைக் கூட்டுவதற்கு மற்றதைக் கூட்டவேண்டியதில்லை.

அந்தக் கடிதத்தின் தலைப்பையே எடுத்துத் திருத்திப் பார்ப்போம். பப்மெட்டில், தலைப்புக்குள் மாத்திரம் தேடுவதற்குச் சொல்லின் பின்னே `[ti]` என்று குறிப்பது முறை. இக்கடிதத்தைக் கண்டெடுக்க இவ்வளவு போதும்:

```
addiction[ti] AND narcotics[ti]
```

இங்கு ‘அரிது’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. அடிமைநிலை எவ்வளவு நேர்கிறது என்று அறிய விரும்புபவன் அச்சொல்லை இட்டுத் தேடமாட்டான். முன்பே முடிவுகட்டிக்கொண்டு சான்று மட்டும் தேடுபவன்தான் இடுவான். ஆகவே ‘அரிது’ என்பதை எடுத்துவிட்டால், நேர்மையாகத் தேடுபவன் எதனையும் இழப்பதில்லை. அடுத்து, விடுபட்ட வேலிகளைப் பெயர்ச்சொற்களாகவே உள்ளே கொண்டுவரலாம். ‘அபின்வகை மருந்து பெற்ற வைத்தியசாலை நோயாளரில் அடிமைநிலை: மருந்துக் கண்காணிப்புக் கோப்புகளின் ஆய்வு’ என்றிருந்தால் என்ன குறைந்துவிடும்? மேற்காட்டிய தேடலுக்கு இதுவும் அகப்படும். அதற்கு மேலாக, வைத்தியசாலை என்று தேடுபவனுக்கும் கண்காணிப்பு என்று தேடுபவனுக்கும் அகப்படும். வழியும் கூடிற்று, வாக்குறுதியும் நீங்கிற்று. இத்தலைப்பை மட்டும் படித்தவன் அதை எடுத்தாள முயன்றால், வைத்தியசாலை என்ற சொல் அவன் கையைப் பிடிக்கும். முன்வரலாறு பற்றிய வேலி இதிலும் இடம்பெறவில்லை என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்கிறோம். தலைப்பு எல்லாவற்றையும் தாங்காது. எந்த வேலி விழுந்தால் மாடு முழு வயலையும் மேய்ந்துவிடுமோ அந்த வேலியையாவது நிறுத்தவேண்டும். இக்கடிதத்தில் அது வைத்தியசாலை.

பெயர்ச்சொல் எப்போதும் குற்றமற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. எலியில் நடந்த ஆய்வுக்கு எலி என்று சொல்லாமலே தலைப்பிடும் வழக்கம் அதற்குச் சாட்சி. ஞாபகமறதி நோயாகிய அல்சைமர் பற்றிய எலி ஆய்வுகளை 2021இல் இருவர் பரிசீலித்து, தலைப்பில் எலியைக் குறிப்பிடாத கட்டுரைகளைப் பற்றி எழுதிய செய்தித்தாள்களும் தம் தலைப்புகளில் எலியை விட்டுவிடும் போக்கைக் கண்டனர். அவ்வாறான கட்டுரைகளுக்கே செய்திகளும் அதிகம் கிடைத்தன என்பது கசப்பான பின்குறிப்பு. இங்கும் மருந்து ஒன்றுதான். ‘எலியில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தல்.

நிற்க. தலைப்பைவிடப் பொழிப்பிலே சூது நுட்பமானது. ஏனெனில் அங்கு வாக்கியங்கள் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஒரு கற்பனை உதாரணம் சொல்லுவோம். முழங்கால் நோவுக்கு ஒரு புதிய களிம்பு. நூறு பேருக்கு அக்களிம்பும், வேறு நூறு பேருக்கு மருந்தில்லாத வெறுங் களிம்பும் கொடுக்கப்படுகின்றன. ஆறு வாரத்தின் பின் நோவில் வேறுபாடு உண்டா என்பதே ஆய்வு தொடங்குமுன் எழுதிவைத்த முதல் வினா. வேறுபாடு இல்லை, இரு சாராருக்கும் நோவு ஒரே அளவிற் குறைந்தது. பொழிப்பு எழுதுபவன் இப்போது என்ன செய்கிறான்? ‘புதிய களிம்பைப் பூசியோரில் நோவு ஆறு வாரத்திற் கணிசமாகக் குறைந்தது’ என்று எழுதுகிறான். அதில் பொய் இல்லை. வெறுங் களிம்பு பூசியோரிலும் அவ்வாறே குறைந்தது என்ற செய்தி மட்டும் இல்லை. அல்லது, படியேறும்போது உண்டாகும் நோவில் ஒரு சிறு வேறுபாடு தற்செயலாகத் தெரிந்திருக்கும். முதல் வினாவை மறந்து அதனை முடிபாக்கி விடுகிறான்.

இது நம் கற்பனையோடு நிற்பதன்று. பிரெஞ்சு ஆய்வாளர் இசபெல் பூத்ரோனும் அவர்தம் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முதல் வினாவுக்குத் தெளிவான வேறுபாடு காணாத 72 பரிசோதனைகளின் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தனர். அவற்றுள் 13இன் தலைப்பிலேயே முடிபு திரிக்கப்பட்டிருந்தது. பொழிப்பின் முடிபுப் பகுதியிலோ 42இல் திரிபு இருந்தது. கட்டுரையின் உடலில் அடங்கிப் பேசியவர்களுள்ளும் சிலர், எல்லாரும் படிக்கும் இடத்தில் குரலை உயர்த்தினர். திரிபு வாசகனைத் தொடுகிறதா என்பதையும் அவர்கள் பரிசோதித்தனர். புற்றுநோய் ஆய்வுகளின் பொழிப்புக்கள், திரிபுள்ள வடிவிலும் திரிபு நீக்கிய வடிவிலும் 300 வைத்தியரிடையே பகிர்ந்து கொடுக்கப்பட்டன. 2014இல் வெளியான அம்முடிபின்படி, திரிபுள்ள வடிவைப் படித்தவர்கள் சிகிச்சையை அதிகப் பயனுள்ளதென மதித்தனர். அவர்கள் பாமரர் அல்லர். ஆய்வு படித்துப் பழகியவர்கள்.

எனவே பொழிப்பின் முடிபில் வரும் முதல் வாக்கியம், தொடங்குமுன் கேட்ட முதல் வினாவுக்கே விடையாக அமையவேண்டும். ‘முழங்கால் நோவுக்கு இக்களிம்பு, ஆறு வாரத்தில், வெறுங் களிம்பைவிட மேலானதாகக் காணப்படவில்லை’ என்று எழுதுவதால் கட்டுரை தொலைந்து போவதில்லை. முழங்கால், நோவு, களிம்பின் பெயர் மூன்றும் அங்கேயே நிற்கின்றன; தேடற்பொறி அவற்றைக் கொண்டே தேடுகிறது. ‘காணப்படவில்லை’ என்ற எதிர்மறை, தேடுபவனைத் தடுப்பதில்லை. வந்து சேர்ந்தபின் அவன் ஏமாறாமற் காக்கிறது.

‘கூடும்’ என்ற சொல்லை எங்கும் தூவிவிட்டால் கடமை தீர்ந்தது என்று கருதுவோரும் உளர். ‘இக்களிம்பு நோவைக் குறைக்கக்கூடும்.’ எதுதான் எதைத்தான் செய்யக்கூடாது? வேதனையில் இருப்பவன் அந்த வாக்கியத்தில் ‘குறைக்க’ என்பதைத்தான் கேட்பான். ‘கூடும்’ அவன் காதில் விழாது. ஐயத்தைத் தெரிவிக்க வேண்டுமானால் ஐயத்தின் காரணத்தைச் சொல்லவேண்டும்: இத்தனை பேர், இத்தனை வாரம், இந்த இடம். வெறும் ‘கூடும்’ எழுதியவனுக்கே கவசம். வாசகனுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை.

அடக்கமான தலைப்பு தன்னளவில் அறமாகிவிடாது என்பதற்கு ஓர் உதாரணத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1998இல் லான்செற் சஞ்சிகையில் வேக்பீல்ட் என்பவரும் பிறரும் எழுதிய கட்டுரையின் தலைப்பு, சிறுவரில் ஒருவகைச் சிறுகுடல் நிணமுடிச்சுப் பெருக்கம், பெருங்குடல் அழற்சி, வளர்ச்சிக் குறைபாடு ஆகியன பற்றியது. தடுப்பூசி என்ற சொல்லே அதில் இல்லை. இதனிலும் அடக்கமான தலைப்பைக் காண்பது அரிது. பொழிப்பிலோ, 12 சிறுவருள் எண்மரின் பெற்றோர், குழந்தையின் நடத்தை மாறத் தொடங்கியதைச் சின்னமுத்து உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியோடு தொடர்புபடுத்தினர் என்ற செய்தி இருந்தது. முடிபில் அது சூழலின் சாத்தியமான தூண்டிகள் என்று பெயரற்றதாயிற்று. கட்டுரையின் உள்ளே, தொடர்பு நிறுவப்படவில்லை என்ற ஒப்புதலும் இருந்தது. ஆனால் கட்டுரையை வெளியிடக் கூட்டப்பட்ட பத்திரிகையாளர் கூட்டத்தில், மூன்றையும் பிரித்துத் தனித்தனியே ஏற்றவேண்டுமென்று வேக்பீல்ட் பேசினார். பிரித்தானியப் பெற்றோர் பலர் அஞ்சி ஊசியைத் தவிர்த்தனர். கட்டுரையே நேர்மையற்றதென அறியப்பட்டு 2010இல் திரும்பப் பெறப்பட்டது. இங்கு தலைப்பின் பணிவு, சொல்ல வந்ததை மறைத்த திரை. முன்னைய கடிதத்தில் பயனிலை மிகுந்தது. இதில் வேண்டிய பெயர்ச்சொல் ஒளிக்கப்பட்டது. தடுப்பூசி பற்றிய ஐயத்தைக் கிளப்பும் கட்டுரை அச்சொல்லைத் தலைப்பில் ஏற்று, ‘பன்னிரு சிறுவர்’ என்பதையும் ‘பெற்றோர் கூற்று’ என்பதையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தால், படித்தவுடனேயே அதன் வலு எவ்வளவென்று எவரும் எடைபோட்டிருப்பர்.

மீண்டும் 1980 ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு வருவோம். அதனை எழுதியவருள் ஒருவராகிய ஜிக், தம் கடிதம் பயன்படுத்தப்பட்ட விதத்தையிட்டு வெட்கித் துயருற்றதாக 2017இல் பத்திரிகையாளரிடம் கூறினார். அதே ஆண்டில் சஞ்சிகையும் கடிதத்தின் மேல் ஒரு குறிப்பைச் சேர்த்தது. அடிமைநிலை அரிது என்பதற்கு இக்கடிதம் பெருவாரியாகவும் ஆராயாமலும் எடுத்தாளப்பட்டு வந்துள்ளது என்பதைப் பொதுச் சுகாதார நலன் கருதி வாசகர் அறிதல் வேண்டும் என்பது அக்குறிப்பின் சாரம். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து வந்த அந்தக் குறிப்பு, கடிதத்தைத் திறந்து பார்ப்பவனுக்கு உரியது. தலைப்பு மாற்றப்படவில்லை. மேலே காட்டிய இரண்டு சொற்களை இட்டுத் தேடுபவன் முன் பட்டியலில் வந்து நிற்பது இன்றும் அதே தலைப்புத்தான்.